சாலையில் நெல் காயும்போது

அறுவடை நாளில் தஞ்சைப் பக்கம் தார்ச்சாலையில் நெல் காயும். களம் போதவில்லை, குறை சொல்லவில்லை. ஆனால் வரும் பைக்கின் கணக்கைப் பாருங்கள்.

நெல்லைக் கண்டு பிரேக்கை அழுத்தவே ஒரு விநாடி ஆகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் 11 மீட்டர் ஓடிவிடும். பிறகு நிற்க, காய்ந்த சாலையில் சுமார் 12 மீட்டர். மொத்தம் 23.

வேகம் 80 ஆனால் யோசிக்கும் தூரம் இரட்டித்து 22 ஆகும். பிரேக் தூரமோ நான்கு மடங்காகி 48. வேகம் இரட்டித்தால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. அத்தனையையும் பிரேக் தேய்த்துத் தீர்க்க வேண்டும். மொத்தம் 70.

நெல்மணி டயருக்கடியில் உருளும். பிடிப்பு பாதியானால் அந்த 48 மீட்டர் 96 ஆகிவிடும். ஆகவே வண்டி நெல்லில் ஏறுமுன்பே நிற்க வேண்டும். வளைவுக்கு அப்பால் காயப்போட்டால், சிவப்புத் துணியை நெல்லின் ஓரத்தில் அல்ல, 70 மீட்டர் முன்னாலேயே நடுங்கள்.