இருமொழி மேடைக்கு வேர்டில் ஓர் அறிவிப்புத் தாள்

சிங்கப்பூர் சமூக மன்றம் ஒன்றில் நடந்த பொங்கல் கலை விழாவில், தமிழ்த் தொகுப்பாளராக முதன்முதலில் மேடை ஏறினேன். "வழங்குகிறார்கள், பரதநாட்டியம்!" என்று முடித்ததும் அரங்கம் கைதட்டியது. ஒலிப்பதிவாளருக்குத் தமிழ் தெரியாது. கைதட்டலைக் கேட்டதும் பாட்டை ஓடவிட்டார். ஆங்கிலத்தில் சொல்லவேண்டிய நண்பர் மைக்கோடு நின்றுவிட்டார். சலங்கை ஒலியோடு குழந்தைகள் வந்துவிட்டார்கள்!

தவறு என்னுடைய தாளில் இருந்தது. ஒரே செய்தியை இரண்டு மொழியிலும் முழுதாக எழுதியிருந்தேன். இப்போது வேலையைப் பிரித்துக் கொள்கிறேன். தமிழ்ப் பகுதி நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்லும், அழைக்காது. ஆடுபவர் பெயரும் அழைப்பும் ஆங்கிலத்தின் கடைசி வரியில் மட்டுமே வரும். கைதட்டல் ஒருமுறைதான் எழும். ஒலிப்பதிவாளரும் தனக்குப் புரிந்த சொல்லைக் கேட்டுப் பாட்டைத் தொடங்குவார்.

இதற்கு வேர்டில் ஓர் அட்டவணை போதும். Layout, Orientation சென்று Landscape தேர்வு செய்திடுங்கள். Insert, Table மூலம் நான்கு நெடுவரிசை அமைத்திடுங்கள்: நேரம், தமிழ், ஆங்கிலம், மேடைக் குறிப்பு. ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு வரிசை. அடுத்து, அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து Table Properties திறந்து, Row டேபில் Allow row to break across pages என்பதில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். இல்லையேல் ஓர் அறிவிப்பின் பாதி அடுத்த பக்கத்திற்குப் போய்விடும். மேடையில் தாளைப் புரட்டிக்கொண்டே பேச முடியாது. எழுத்து 16 பாயிண்ட் இருக்கட்டும். மங்கலான வெளிச்சத்தில் 12 உதவாது.

நடனம் முடிந்து கோரஸ் பாட்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு மைக் ஸ்டாண்டுகளை வைக்க ஒத்திகையில் 90 விநாடி ஆனது. தமிழ் வரிகளை ஸ்டாப் வாட்ச் வைத்து உரக்க வாசித்தால் 35 விநாடி, ஆங்கிலம் 25. மீதி 30 விநாடி வெறுமை. அந்த வரிசையில் தமிழுக்கு இப்படி எழுதலாம்:

"ஆடிய கால்கள் ஓய்ந்தன, இனிப் பாடும் குரல்கள். அதற்குள் ஒரு கேள்வி: இன்று வீட்டில் பொங்கல் பானை பொங்கியபோது குரல் கொடுத்தவர் யார்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்!"

கேள்வி கேட்டால் அரங்கம் பதில் சொல்லும், நேரமும் நிரம்பும். மைக் சீக்கிரம் தயாரானால் விட்டுவிடலாம். எனவே இதைச் சாய்வெழுத்தில் வைத்திடுங்கள். மேடைக் குறிப்பில் 'மைக் 4, மேடையிலிருந்து சைகை வந்ததும் அழைப்பு' என்று எழுதுங்கள். ஒலி, ஒளி பார்ப்பவர்களுக்குக் கொடுக்கும் பிரதியில் அதை ஆங்கிலத்திலும் எழுதவேண்டும்.

பைலை PDF ஆகவும் சேமித்திடுங்கள். மன்றத்தின் கம்ப்யூட்டரில் உங்கள் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் தாள் மாறாமல் அச்சாகும். ஒருபக்கமாக அச்சிட்டு, பக்க எண் போட்டு, பின் அடிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பின் அடித்த தாளைப் புரட்டும் சரசரப்பு மைக்கில் பெரிதாகக் கேட்கும்.