வைஃபை மாறினாலும் பெட்டியைக் கழற்ற வேண்டாம்

மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை போனிலிருந்தே போடவும் நிறுத்தவும் இஎஸ்பி32 போர்டும் ஒரு ரிலேயும் போதும். செய்துகொடுப்பவர்கள் பலர் வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் புரோகிராமுக்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள். வீட்டுக்காரர் ரவுட்டரை மாற்றியதும் போர்டு ஊமையாகிவிடும். பிறகு லேப்டாப்போடு போய், பெட்டியைத் திறந்து, யுஎஸ்பி கேபிள் செருகி, திருத்திய புரோகிராமை மறுபடி ஏற்ற வேண்டும்.

இதற்கு அவசியமே இல்லை. இந்த போர்டு வேறொரு வைஃபையில் சேரவும் செய்யும், தானே ஒரு வைஃபையாக இருக்கவும் செய்யும். மின்சாரம் வந்ததும் முன்பு சேமித்த பெயரைத் தேடுகிறது. சேர முடியாவிட்டால் ‘Motor-Setup’ என்று தன் சொந்த வைஃபையைத் தொடங்குகிறது. நாம் போனில் அதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பக்கம் தானாக விரியும். அதில் வீட்டு வைஃபையைத் தொட்டு, பாஸ்வேர்டு கொடுத்துச் சேமித்தால் வேலை முடிந்தது.

பக்கம் எப்படித் தானாக வருகிறது? எந்த வைஃபையில் சேர்ந்தாலும் அங்கே இன்டர்நெட் இருக்கிறதா என்று போன் சோதித்துப் பார்க்கும். ஆண்ட்ராய்டு போன் கூகுளின் ஒரு முகவரியைக் கேட்டு, 204 என்ற எண்ணோடு வெற்றுப் பதில் வருகிறதா என்று பார்க்கிறது. போர்டில் ஓடும் சிறு டிஎன்எஸ் சர்வரோ, எந்தப் பெயரைக் கேட்டாலும் ‘192.168.4.1’ என்று தன் முகவரியையே சொல்கிறது. அதனால் கேள்வி போர்டிடமே வந்து சேர்கிறது. அது 204-க்குப் பதில் தன் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. இங்கே ‘லாகின்’ செய்ய வேண்டும்போல என்று போன் முடிவுகட்டி, பக்கத்தைத் திறந்துவிடுகிறது. ரயில் நிலைய வைஃபையில் ஓடிபி கேட்கும் பக்கம் வருவதும் இப்படித்தான். சில போன்களில் பக்கம் வராது. அப்போது மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, பிரவுசரில் அந்த எண்ணை அடித்தால் வந்துவிடும். பட்டியலில் வீட்டு வைஃபையின் பெயரே இல்லை என்றால், அது 5 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறதா என்று பாருங்கள். இஎஸ்பி32-க்கு 2.4 மட்டுமே தெரியும்.

இவ்வளவையும் ‘வைஃபை மேனேஜர்’ என்ற இலவச லைப்ரரி செய்துவிடுகிறது. ஆனால் அதை அப்படியே போட்டால் நம் ஊர் மின்வெட்டில் மாட்டிக்கொள்வோம். மின்சாரம் திரும்பியதும் போர்டு ஓரிரு நொடியில் எழுந்துவிடும். ரவுட்டர் எழ ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். அதற்குள் போர்டு தேடிப் பார்த்து, கிடைக்காமல், சொந்த வைஃபையைத் தொடங்கி அங்கேயே காத்துக்கிடக்கும். பிறகு ரவுட்டர் வந்தாலும் திரும்பிப் பார்க்காது. புரோகிராம் அந்த வரியிலேயே நிற்பதால், பெட்டியில் வைத்த கைப் பட்டன்கூட வேலை செய்யாமல் போகும். பாஸ்வேர்டு சரியாக இருந்தும், மின்வெட்டுக்குப் பிறகு போனில் ‘Motor-Setup’ தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். மருந்து ஒரு நேர வரம்பு:

```
WiFiManager wm;
wm.setConfigPortalTimeout(180);
if (!wm.autoConnect("Motor-Setup", "thanneer25")) {
  ESP.restart();
}
```

180 நொடியில் யாரும் விவரம் தராவிட்டால் போர்டு தன்னையே ரீஸ்டார்ட் செய்து, பழைய வைஃபையை மறுபடி தேடும். இரண்டாவதாக இருக்கும் சொல் அமைவு வைஃபைக்கான பாஸ்வேர்டு; குறைந்தது எட்டு எழுத்து வேண்டும். இதை விட்டுவிட்டால் அந்த வைஃபை திறந்தே கிடக்கும், நீங்கள் அடிக்கும் வீட்டு பாஸ்வேர்டு பூட்டில்லாமல் காற்றில் போகும். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

வீட்டு வைஃபையில் சேர்ந்த பிறகு, போர்டு மோட்டாருக்கான பக்கத்தைக் காட்டத் தொடங்கும். இரண்டு பட்டன் போதும். பலர் இதை `/on` என்ற சாதாரண லிங்க்காக வைக்கிறார்கள். பட்டனைத் தட்டியதும் பிரவுசரின் முகவரிப் பட்டையில் அந்த `/on` நின்றுவிடும். மறுநாள் பிரவுசரைத் திறக்கும்போது பழைய டேப் தானாகப் புதுப்பிக்கப்பட்டால், யாரும் தொடாமலே மோட்டார் ஓடும்; தொட்டி வழியும். பட்டனை ஃபார்மாக வைத்து, இப்படி வாங்குங்கள்:

```
server.on("/on", HTTP_POST, motorOn);
```

`motorOn` வேலை முடித்ததும் முதல் பக்கத்துக்கே திருப்பி அனுப்பட்டும். பிறகு எத்தனை முறை புதுப்பித்தாலும் நிலவரத்தை மட்டுமே காட்டும்.

வீடு மாறுகிறவர்களுக்காக, போர்டிலுள்ள ‘BOOT’ பட்டனை ஐந்து நொடி அழுத்தினால் `wm.resetSettings()` ஓடும்படி எழுதிவிடலாம். மின்சாரம் கொடுத்து, போர்டு எழுந்த பிறகே அழுத்தச் சொல்லுங்கள். அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்தால், அது புது புரோகிராமுக்காகக் காத்திருக்கும் நிலைக்குப் போய், பழுதானதுபோல் கிடக்கும். பட்டனை விட்டுவிட்டு, மின்சாரத்தை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்.