அக்கா கேட்ட மூன்று சொற்கள்

போன வாரம் அக்கா போன் பண்ணினாள். "டேய், பையன் வாட்ஸ்அப்ல தன்னை 'ஒட்டாகு'ன்னு போட்டிருக்கான். நெட்ல தேடினா ஜப்பான்ல ஒரு கொலைகாரன் கதை வருது. ராத்திரி தூக்கமே இல்ல."

"வேற என்னல்லாம் சொல்றான்?" என்றேன். "இசெகாய், சுண்டெரே..." என்றாள். சுலபமானதிலிருந்து ஆரம்பித்தேன்.

'இ' என்றால் வேறு, 'செகாய்' என்றால் உலகம். சாதாரண ஆள் ஒருவர் வேறு உலகத்தில் போய் விழுகிற கதைகளுக்கு இசெகாய் என்று பெயர். அவன் பார்க்கும் தொடரில் 37 வயது அலுவலக ஊழியர் கத்திக்குத்தில் இறந்து, அந்த உலகத்தில் கொழகொழவென்று ஒரு பிராணியாகப் பிறக்கிறார். அக்கா பயந்த அந்தச் சாவு கதைக்குள் நுழையும் வாசல், அவ்வளவுதான்.

சுண்டெரே என்பது நம்ம இரட்டைக்கிளவி மாதிரி இரண்டு சொற்களை வெட்டி ஒட்டியது. 'சுன்சுன்' என்றால் சிடுசிடுப்பு, 'டெரெடெரெ' என்றால் குழைவு. "உனக்காக ஒண்ணும் செய்யல, மிச்சமாயிடுச்சு, சாப்பிடு" என்று டிபன் பாக்ஸை நீட்டுகிற கதாநாயகி. "நம்ம அம்மாவா?" என்று சிரித்தாள். காதல் கதையில் வர்ற அம்மா என்றேன்.

இனி ஒட்டாகு. 'தக்கு' என்றால் வீடு, முன்னால் உள்ள 'ஓ' மரியாதைக்கு. 'உங்கள் வீடு' என்பதையே 'நீங்கள்' என்ற பொருளிலும் சொல்வார்கள். நாம் மனைவியை "எங்க வீட்டுல" என்று சொல்கிறோமே, அது போல. அனிமே ரசிகர்கள் சிலர் சம வயது நண்பர்களையே இப்படி விறைப்பாக அழைத்தார்கள். 1983-ல் நகமோரி அகியோ என்ற எழுத்தாளர் ஒரு மங்கா இதழில் அதைக் கிண்டலடித்து, அந்தச் சொல்லையே அவர்களுக்குப் பட்டப்பெயராக்கினார். 1989-ல் சிறுமிகளைக் கொன்ற ஒருவன் பிடிபட்டான். அவன் அறையில் ஆயிரக்கணக்கான வீடியோ கேசட்டுகள் இருந்தன. ஊடகங்கள் அவனை ஒட்டாகு என்றன. கறை எல்லா ரசிகர்கள் மேலும் படிந்தது. அக்கா படித்தது இதைத்தான்.

பிறகு அந்தக் கறை மெல்ல வெளுத்தது. இன்று ஜப்பானிலேயே ரயில் பைத்தியங்களை ரயில் ஒட்டாகு என்கிறார்கள். வெளிநாட்டு ரசிகர்களோ அந்தச் சொல்லைப் பெருமையாகவே சூட்டிக்கொள்கிறார்கள்.

"ஸ்கூலுக்குப் போறானா, ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்களா?" என்று கேட்டேன். "போறான், சாயங்காலம் கிரிக்கெட்." பள்ளி, நட்பு எல்லாவற்றையும் விட்டு ஆறு மாதத்துக்கும் மேல் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பதற்கு ஜப்பானில் வேறு சொல் உண்டு: ஹிகிகோமோரி. கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

"அப்ப ஸ்டேட்டஸை மாத்தச் சொல்ல வேண்டாமா?"

"வேண்டாம்க்கா. அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமான்னு கேளு. தெரியலன்னா நீ சொல்லிக்கொடு."