வெள்ளிக்கிழமை என்றால் எந்த ஊர் வெள்ளிக்கிழமை?

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் ஓடும் விசைத்தறிகளில் பெரும்பகுதி காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணியையே நெய்கின்றன. அந்தத் துணி வெளிநாடுகளுக்கும் போகிறது. ஆர்டர் பிடிப்பதும் விலை பேசுவதும் இப்போது மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும்தான். தறியையும் நூல் விலையையும் விரல் நுனியில் வைத்திருக்கிற முதலாளிகள்கூட, ஒப்படைக்கும் நாளை எழுதும்போது மட்டும் ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள்: "வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருகிறோம்."

இதில் என்ன ஆபத்து என்பதை ஒரு கற்பனை ஆர்டரை வைத்துப் பார்ப்போம். வாங்குபவர் அமெரிக்காவின் நியூஜெர்சியில் இருக்கிறார். சரக்கு 120 பெட்டி காஸ் பேண்டேஜ். தூத்துக்குடியில் அவருடைய ஃபார்வர்டர் சொல்லும் கிடங்கில் 2026 நவம்பர் 6, வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். நியூஜெர்சியில் அன்று மாலை 5 மணி ஆகும்போது சத்திரப்பட்டியில் சனிக்கிழமை அதிகாலை 3:30. "வெள்ளி முடிவதற்குள்" என்று மட்டும் எழுதியிருந்தால், விற்பவர் ஒரு கடிகாரத்தையும் வாங்குபவர் இன்னொரு கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிடங்குக்காரர் மூன்றாவதாக ஒன்றைப் பார்ப்பார்: அவர் கதவை மூடும் நேரம். லாரி வெள்ளி இரவு 9 மணிக்குப் போய் நிற்கிறது, கிடங்கு 6 மணிக்கே பூட்டியாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்கிற சரக்கு ஒப்படைத்த சரக்கா?

இல்லை என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 47ஆம் பிரிவு சொல்வது இது: இன்ன நாளில் செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவர், அந்த நாளின் வழக்கமான வியாபார நேரத்துக்குள், செய்ய வேண்டிய இடத்தில் செய்ய வேண்டும். சட்டமே தரும் உதாரணம் அப்படியே நம் லாரியின் கதை. கிடங்கில் ஜனவரி 1 அன்று சரக்கைத் தருவதாகச் சொன்னவர், அதே நாளில் கொண்டுபோகிறார்; ஆனால் வழக்கமாகக் கிடங்கு மூடும் நேரம் தாண்டிவிட்டது, யாரும் வாங்கவில்லை. அவர் வாக்கை நிறைவேற்றவில்லை. அதாவது நேரம் எழுதாமல் விட்டால் நள்ளிரவுவரை அவகாசம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சட்டமோ கிடங்குக்காரரின் கடிகாரத்தை எடுத்துக்கொள்கிறது. நம் ஆர்டரில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. நவம்பர் 8 ஞாயிறு தீபாவளி. சனிக்கிழமை லாரியைத் திரும்ப எடுக்க ஆள் தேடிப் பாருங்கள்.

ஆர்டரை ஒப்புக்கொள்ளும்போதே இப்படி ஒரு மெயில் போயிருந்தால் இந்தச் சிக்கல் எழாது:

"பொருள்: ஆர்டர் 417, ஒப்படைப்பு 2026 நவம்பர் 6, வெள்ளி, 17:00 IST, UTC+05:30.

வணக்கம். 120 பெட்டி காஸ் பேண்டேஜை 2026 நவம்பர் 6, வெள்ளிக்கிழமை, இந்திய நேரம் மாலை 5:00 மணிக்குள் உங்கள் ஃபார்வர்டரின் தூத்துக்குடி கிடங்கில் ஒப்படைக்கிறோம். உங்கள் ஊரில் அப்போது அதே நாள் காலை 6:30, UTC-05:00. கிடங்கு ரசீதில் உள்ள நேரமே ஒப்படைத்த நேரம். பெட்டியில் அச்சிட வேண்டிய லேபிள் டிசைன் அக்டோபர் 16, வெள்ளி, இந்திய நேரம் மாலை 5:00 மணிக்குள் எங்களுக்கு வர வேண்டும். உங்கள் ஊரில் அப்போது காலை 7:30, UTC-04:00. டிசைன் எத்தனை நாள் தாமதமாகிறதோ அத்தனை நாள் ஒப்படைப்பும் தள்ளிப்போகும். சம்மதம் என்று பதில் எழுதவும்."

இதே இந்திய மாலை 5 மணி, அக்டோபரில் அங்கே 7:30, நவம்பரில் 6:30. தட்டச்சுப் பிழை இல்லை. அமெரிக்காவில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்து, நவம்பர் முதல் ஞாயிறன்று பழைய நேரத்துக்குத் திருப்புகிறார்கள். பிரிட்டனில் திருப்புவது அக்டோபர் கடைசி ஞாயிறு. அதனால் "EST" என்று பழக்கத்தில் எழுதுவதைவிட UTC கணக்கை எழுதுவது பத்திரம். IST என்ற மூன்று எழுத்தும் நமக்கு மட்டும் சொந்தமில்லை. அயர்லாந்தும் இஸ்ரேலும் தங்கள் நேரத்துக்கு அதையே போடுகின்றன. மாதத்தைப் பெயராக எழுதுங்கள். 06/11 என்பதை அமெரிக்கர் ஜூன் 11 என்றே படிப்பார். நள்ளிரவு 12 மணியைக் கெடுவாக வைக்கவே வேண்டாம். அது வெள்ளியின் தொடக்கமா முடிவா என்று வக்கீல்கள் பேசிக்கொண்டிருக்க நேரும்.

தாமதமாகும் என்று தெரிந்தால், கெடு தாண்டுவதற்கு முன்பே புது நாளும் நேரமும் குறித்து எழுதி, சம்மதத்தைப் பதிலாக வாங்க வேண்டும். பதில் வராமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி, நேரம்தான் ஒப்பந்தத்தின் உயிர் என்று இருவரும் கருதியிருந்தால், கெடு தவறியதும் வாங்குபவர் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். அப்படி ரத்து செய்யாமல் தாமதமான சரக்கை அவர் ஏற்றுக்கொண்டால், ஏற்கும் வேளையிலேயே "நஷ்ட ஈடு கேட்பேன்" என்று தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்காமல் வாங்கி வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்துப் பில்லில் கழிக்க முடியாது. விற்பவர்களில் பலருக்கு இந்தப் பாதுகாப்பு தெரியாததால், கழித்ததை அப்படியே ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். ஒன்று கவனிக்க வேண்டும்: பர்ச்சேஸ் ஆர்டரில் வேறு நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று எழுதியிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

மெயிலில் பேசியது ஒப்பந்தம் ஆகுமா என்ற சந்தேகம் இன்னும் பலருக்கு இருக்கிறது. ஆகும். பாக்சைட் சப்ளை தொடர்பான டிரைமெக்ஸ் – வேதாந்தா வழக்கில், முறையான பத்திரத்தில் கையெழுத்தாகாதபோதும் மெயில் போக்குவரத்திலேயே ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவும் மின்னணு வழியில் நடந்தது என்பதற்காக மட்டும் ஒப்பந்தத்தைத் தள்ளக் கூடாது என்கிறது.

ராஜபாளையத்துக்காரரின் வழக்கு பெரிதாகிப்போனால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் போகும். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இருப்பது பால்கோவாவின் அந்த ஊரில்தான். தகராறு மூன்று லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிக வழக்கு என்றால், அவசர உத்தரவு தேவைப்படாத நிலையில், முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகச் சமரசம் பேசிய பிறகுதான் வழக்கே போட முடியும். அங்கே பேச்சு பெரும்பாலும் இந்த ஒரு மெயிலைச் சுற்றித்தான் நடக்கும்.

ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலோடு குறிப்பிட்ட படிவத்தில் சான்றிதழும் கேட்கிறது. ஜிமெயிலில் அந்த மெயிலைத் திறந்து `Show original`, பிறகு `Download Original` என்று கொடுத்தால் .eml கோப்பாக இறங்கும். எந்த நொடியில், எந்தச் சர்வர் வழியாகப் போனது என்பதெல்லாம் அதில் இருக்கும். சான்றிதழில் அந்தக் கணினிக்கோ பதிவைக் கையாண்ட வேலைக்கோ பொறுப்பானவரும், ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். பல கம்பெனிகளில் ஆர்டர் மெயில்கள் கணக்குப்பிள்ளையின் சொந்த ஜிமெயிலில் கிடக்கின்றன. அவர் கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப் போனால், பாஸ்வேர்டும் அவரோடு போய்விடும்.