குரூப் போட்டோவில் இல்லாதவரைச் சேர்ப்பது எப்படி?

குடும்ப குரூப் போட்டோவில் இல்லாத ஒருவரை, அவருடைய வேறொரு படத்திலிருந்து வெட்டி எடுத்துச் சேர்ப்பது ஸ்டுடியோக்களுக்கு அடிக்கடி வரும் வேலை. இறந்துபோன அப்பா, வெளிநாட்டில் இருக்கும் மகள், கல்யாணத்துக்கு வர முடியாத தாத்தா என்று ஆள் மாறலாம், வேலை ஒன்றுதான். இதில் உருவத்தை ஓரம் பிசகாமல் வெட்டுவது எளிய பகுதி. ஒட்டவைத்தது தெரிந்துபோவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு: உருவத்தின் அளவு பொருந்தவில்லை, தோலின் நிறம் பொருந்தவில்லை, படத்தின் துகள் பொருந்தவில்லை.

இந்த மூன்றுக்கும் முன்னால் வருவது படத்தைத் தேர்ந்தெடுப்பது. கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஸ்டுடியோ வைத்திருந்த வில்லியம் நாட்மன், 1870இல் பனிச்சறுக்கு விழா ஒன்றைப் பெரிய கூட்டுப் படமாக உருவாக்கினார். வந்தவர்களை ஸ்டுடியோவில் தனித்தனியாகப் படமெடுத்து, வெட்டி, ஒரே பின்னணியில் ஒட்டினார். ஒளியும் கேமரா நின்ற தூரமும் அவர் கைவசம் இருந்தன. வீட்டு ஆல்பத்தில் கிடைக்கும் படத்தில் அவை ஏற்கெனவே முடிந்துபோனவை. எனவே குரூப் போட்டோவில் ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறதோ அதே பக்கத்திலிருந்து ஒளி விழுந்த படத்தைத் தேட வேண்டும்; மூக்கின் நிழல் சாயும் பக்கம் அதைக் காட்டிக்கொடுக்கும். நிழல் எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் படத்தை இடவலமாகத் திருப்பிவிடலாம் என்று தோன்றும். திருப்பினால் வகிடும் மச்சமும் மூக்குத்தியும் பக்கம் மாறிவிடும். சேலையின் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். குடும்பத்தார் பார்த்த உடனே ஏதோ சரியில்லை என்பார்கள்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்ளலாம். மகளின் கல்யாணத்தில் எடுத்த 6000 × 4000 பிக்சல் டிஜிட்டல் படம். அம்மா முன்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகள் பின்னால் நிற்கிறார்கள். காலமான அப்பாவை மூத்த மகனுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். கிடைத்திருப்பது 1990களில் எடுத்த, நிறம் மங்கிய ஒரு கலர் பிரின்ட். அதைக் கண்ணாடிச் சட்டத்தோடு செல்போனில் படமெடுக்காமல், சட்டத்திலிருந்து கழற்றி 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்ய வேண்டும்.

அளவைக் கணக்கிட, அதே வரிசையில் நிற்பவரைத்தான் அளவுகோலாகக் கொள்ள வேண்டும். கேமரா முன்வரிசையிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருந்து, பின்வரிசை அதற்கும் 60 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால், பின்வரிசைத் தலைகள் 13 சதவீதம் சிறியதாகப் பதியும். அம்மாவின் தலையோடு ஒப்பிட்டு அப்பாவைப் பொருத்தினால் அவர் மகனைவிடப் பெரிய தலையோடு நிற்பார். தலைமுடி ஆளுக்கு ஆள் மாறுவதால், கண்ணின் பாவையிலிருந்து மோவாய் வரை அளப்பது நல்லது. மகனுக்கு அது 200 பிக்சல், ஸ்கேன் செய்த அப்பாவுக்கு 360 பிக்சல் என்றால், அப்பாவை ஏறத்தாழ 56 சதவீதமாகச் சுருக்க வேண்டும்.

உயரம் தனிக் கணக்கு. வளர்ந்தவர்களின் தலையளவு அதிகம் வேறுபடாது. குள்ளமானவரின் தலையைச் சிறிதாக்குவதுதான் பலர் செய்யும் பிழை. அப்பா மகனைவிட 7 சென்டிமீட்டர் குட்டை என்று வீட்டில் சொன்னால், தலையளவை அப்படியே வைத்து உருவத்தைக் கீழே இறக்க வேண்டும். கண்ணிலிருந்து மோவாய் வரை சுமார் 11.5 சென்டிமீட்டர், அது இங்கே 200 பிக்சல். ஆக ஒரு சென்டிமீட்டருக்கு 17 பிக்சல். 7 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 120. அம்மாவின் தலையும் நாற்காலியும் அப்பாவுக்கு முன்னால் வருமாறு மறைத்துவிட்டால், அவருடைய படத்தில் இல்லாத கால்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

தோல் நிறத்தில் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: அப்பாவின் முகத்தை மகனின் நிறத்துக்குக் கொண்டுவருவது. ஒவ்வொருவர் நிறமும் அவரவருடையது. பொருந்த வேண்டியது அவர்கள்மேல் விழுந்த ஒளி. இரண்டு படங்களிலும் வெள்ளையும் கறுப்புமாக உள்ள இடங்களை ஒப்பிட்டால் ஒளியின் வேறுபாடு எண்ணாகவே தெரியும். மண்டபத்தின் மஞ்சள் விளக்கில் மகனின் வெள்ளைச் சட்டை சிவப்பு 238, பச்சை 230, நீலம் 214 என்று இருக்கிறது. பழைய பிரின்டில் அப்பாவின் சட்டை 226, 208, 212 என்று சற்றே சிவந்து கிடக்கிறது. பழைய கலர் பிரின்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கினால் படம் இப்படிச் சிவப்பேறும். போட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ உள்ள ‘கர்வ்ஸ்’ கருவியில் மூன்று நிறங்களையும் தனித்தனியாக நகர்த்தி, சட்டையைச் சட்டையோடும் தலைமுடியின் ஆழ்ந்த கறுப்பைக் கறுப்போடும் ஒப்பாக்கினால், முகம் தன் இயல்பான நிறத்தோடு அந்த மண்டபத்துக்கு வந்துவிடும். பிறகு சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று சேனல்களையும் ஒவ்வொன்றாகக் கறுப்பு வெள்ளையில் திறந்து பார்க்க வேண்டும். முழுக் கலரில் ஒளிந்திருக்கும் பிசகு, பெரும்பாலும் நீலச் சேனலில் வெளிப்படும்.

கிடைத்தது கறுப்பு வெள்ளைப் படம் மட்டுமே என்றால், அதற்கு நிறம் பூசுவதைவிட குரூப் போட்டோ முழுவதையும் கறுப்பு வெள்ளையாக்குவது நம்பகமானது.

கடைசி வேலை துகள். பிலிமில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் பொடிமணல் தூவியதுபோலத் தெரிவதே துகள். டிஜிட்டல் படத்தில் அதற்கு ஈடாக இரைச்சல் இருக்கும். அது நிழலான இடங்களில் கூடுதலாகத் தெரியும். ஸ்கேனில் வந்த பழைய துகளை அப்படியே சுருக்கினால் துகளும் சுருங்கி, முகம் பக்கத்தவர்களைவிடக் கூர்மையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் பழைய துகளை லேசாகக் குறைத்தல், அடுத்து அளவு மாற்றுதல், பிறகு கூர்மை பக்கத்தவருக்கு ஒப்பாகும்வரை மிக மெல்லிய மங்கல், இறுதியில் புதிய துகள். புதிய துகளைத் தனி லேயரில் இரண்டு, மூன்று சதவீதம் மட்டும் சேர்த்து, அரை பிக்சல் அளவுக்கு மென்மையாக்கி, படத்தை 100 சதவீதத்தில் வைத்து மகனின் கன்னத்தோடு ஒப்பிட வேண்டும். துகளை முதலிலேயே சேர்த்துவிட்டுப் பிறகு அளவை மாற்றினால் உழைப்பு வீண்.

முடிந்த படத்தைச் சோதிக்க இரண்டு வழிகள் போதும். முழுப் படத்தையும் தற்காலிகமாக இடவலம் திருப்பினால், பழகிய கண்ணுக்குத் தப்பிய அளவுப் பிழை தெரியும். ஒளியை மிக அதிகமாகவும் மிகக் குறைவாகவும் ஏற்றி இறக்கினால், வெட்டிய ஓரமும் நிறப் பிசகும் வெளியே வரும். அப்போதும் உருவம் மிதப்பதுபோலத் தோன்றினால் குறை நிழலில் இருக்கும்: முன்னால் இருப்பவரின் நிழல் அப்பாவின் சட்டையிலும், அப்பாவின் நிழல் பின்சுவரிலும், மற்றவர்களுக்கு விழும் அதே திசையில் விழ வேண்டும்.

சில படங்கள் இந்த வேலைக்கு உதவாது. உச்சி வெயிலில் எடுத்த முகத்தை மண்டப விளக்கில் நிற்பவர்களோடு சேர்க்க முடியாது; மிக அருகிலிருந்து எடுத்த செல்ஃபியில் மூக்கு பெருத்திருக்கும், அதை எந்தக் கணக்கும் சரிசெய்யாது. அத்தகைய படத்தோடு போராடுவதைவிட உறவினர்களின் ஆல்பங்களில் வேறு படம் தேடுவதே மேல். சேர்த்து முடித்த படத்தின் பின்புறம், யார் எந்த ஆண்டில் சேர்க்கப்பட்டார் என்று எழுதிவையுங்கள். மூலப் படங்கள் இரண்டையும் மாற்றாமல் பத்திரப்படுத்துங்கள்.