ஒரு பில், மூன்று படிகள்

இலக்கணம் சொல்லும் விரிவுரையைவிட, ஒரே மளிகை பில்லை மூன்று முறை பிரித்துக் காட்டுவது நன்றாகப் புரியும்.

பில் 101: வாடிக்கையாளர் எண் 7, மீனா, தேனி, ‘அரிசி 5 கிலோ, பருப்பு 2 கிலோ’. எல்லாம் ஒரே கட்டத்தில் கிடந்தால் பருப்பு விற்பனையைக் கூட்ட முடியாது. பொருளுக்கு ஒரு வரிசை கொடுத்தால் முதல் இயல்வடிவம்.

இப்போது வரிசையை அடையாளம் காட்ட பில் எண்ணும் பொருள் எண்ணும் சேர்ந்து வேண்டும். பொருளின் பெயரோ பொருள் எண்ணை மட்டும் சார்ந்தது. வாடிக்கையாளர் விவரம் பில் எண்ணை மட்டும். இரண்டையும் தனி அட்டவணைகளாக்கினால் இரண்டாம் வடிவம்.

ஆனால் ஊர் சார்ந்திருப்பது வாடிக்கையாளரை. மீனா மதுரைக்குக் குடிபோனால் அவருடைய எல்லா பில்களையும் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனால் அவருக்கு இரண்டு ஊர். வாடிக்கையாளருக்குத் தனி அட்டவணை போட்டால் மூன்றாம் வடிவம்.

விற்ற விலையைப் பில் வரிசையிலேயே விடுங்கள். அது அன்றைய விலை.