இரட்டிப்புச் சொற்கள்: எதை எடுப்பது, எதை விடுவது?

'மூன்று வாக்குச்சாவடிகளில் மீண்டும் மறுவாக்குப்பதிவு' என்று செய்தித்தாளில் தலைப்பு வந்தால், பெரும்பாலோர் தடுக்காமல் படித்துவிடுவார்கள். 'மறு' என்ற முன்னொட்டுக்குள்ளேயே 'மீண்டும்' உட்கார்ந்திருப்பது கண்ணில் படாது. ஆங்கிலத்தில் 'ரிப்பீட் அகெய்ன்', 'ரிட்டர்ன் பேக்', 'கம்பைண்ட் டுகெதர்' என்று எழுதுவதும் இதே கதைதான். வினையிலேயே இருக்கும் பொருளைப் பக்கத்தில் இன்னொரு சொல் வந்து மறுபடி சொல்கிறது. 'பின்னால் பின்தொடர்ந்தார்', 'முன்கூட்டியே முன்பதிவு', 'சுமார் 50 பேர் அளவில்' எல்லாம் தமிழில் இந்த வகை.

இதைக் குற்றம் என்று சொன்ன முதல் ஆள் இன்றைய பிழைதிருத்துநர் இல்லை. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அடுக்கும் நன்னூல், 'மிகைபடக் கூறல்', 'கூறியது கூறல்' இரண்டையும் அதில் சேர்த்திருக்கிறது. அதே நன்னூல் 'ஒருபொருட் பன்மொழி' என்ற பெயரில் ஒரு விலக்கும் தருகிறது. 'உயர்ந்தோங்கிய மலை' என்பதில் இரு சொல்லுக்கும் பொருள் ஒன்று. ஆனாலும் மலை இன்னும் கொஞ்சம் உயரமாகத் தெரிகிறது. ஆகவே பொருள் ஒன்றா என்று மட்டும் பார்த்துச் சொல்லை வெட்ட முடியாது. இரண்டாவது சொல் ஏதாவது வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

குடியிருப்போர் சங்கங்களில் ஒட்டும் அறிவிப்பு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம்:

"ஒத்திவைக்கப்பட்ட பொதுக்கூட்டம் மீண்டும் மறுபடியும் வரும் ஞாயிறு மாலை சுமார் 5 மணியளவில் நடைபெறும். உறுப்பினர்கள் அனைவரும் ஒன்றாக ஒருங்கிணைந்து தவறாமல் கலந்துகொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். சங்கத்திலிருந்து எடுத்துச் சென்ற நாற்காலிகளைத் தயவுசெய்து திரும்பவும் திருப்பித் தரவும்."

கத்தரிக்கோலை எடுத்தவுடன் பலர் இப்படி ஆக்கிவிடுவார்கள்: "பொதுக்கூட்டம் ஞாயிறு மாலை 5 மணிக்கு. அனைவரும் வரவும். நாற்காலிகளைத் திருப்பித் தரவும்." சொற்கள் குறைந்தன, கூடவே மரியாதையும் போயிற்று. அழைப்பாக இருந்தது எச்சரிக்கையாகிவிட்டது. 'அன்புடன்', 'தவறாமல்', 'தயவுசெய்து' மூன்றும் எந்தச் சொல்லின் பொருளையும் திருப்பிச் சொல்லவில்லை. குரலைத் தாங்கி நிற்பவையே அவைதான். அவற்றில் கை வைக்கக் கூடாது.

உண்மையில் மிகையானவை நான்கே இடங்கள். ஒத்திவைத்த கூட்டம் என்று சொல்லிவிட்டதால் 'மீண்டும் மறுபடியும்' இரண்டுமே தேவையில்லை. 'சுமார்', 'அளவில்' இரண்டில் ஒன்று போதும். அறிவிப்பு நடைக்குப் பழகியது 'மணியளவில்' என்பதால் 'சுமார்' போகலாம். இங்கே '5 மணிக்கு' என்று மாற்றுவது திருத்தமே இல்லை. ஐந்து, ஐந்தேகாலுக்குள் வந்தால் போதும் என்ற தளர்வு அதில் அடிபட்டுப் போகும். 'அனைவரும்... கலந்துகொள்ளுமாறு' என்பதிலேயே கூடுவது அடங்கிவிட்டது. 'ஒன்றாக ஒருங்கிணைந்து' வேண்டாம். 'திருப்பித் தர' என்ற பின் 'திரும்பவும்' எதற்கு?

"ஒத்திவைக்கப்பட்ட பொதுக்கூட்டம் வரும் ஞாயிறு மாலை 5 மணியளவில் நடைபெறும். உறுப்பினர்கள் அனைவரும் தவறாமல் கலந்துகொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். சங்கத்திலிருந்து எடுத்துச் சென்ற நாற்காலிகளைத் தயவுசெய்து திருப்பித் தரவும்."

செயலாளரிடம் இதைக் கொடுத்தால் தன் எழுத்துதான் என்றே நினைப்பார்.

இரண்டில் எதை வைப்பது என்பதுதான் கொஞ்சம் யோசிக்க வைக்கும். ஒரு சொல்லை விரலால் மறைத்து உரக்கப் படிக்க வேண்டும். பிறகு அடுத்ததை மறைத்துப் படிக்க வேண்டும். 'ஒன்றாகச் சேர்ந்து ஒன்றிணைந்து போராடுவோம்' என்பது மேடைப் பேச்சானால் 'ஒன்றிணைந்து' நிற்கட்டும். ஊர்க்காரர் ஒருவர் எழுதிய கடிதமானால் 'ஒன்றாகச் சேர்ந்து' நிற்கட்டும். பொருள் ஒன்றேயானாலும் பேசும் ஆள் வேறு. சுருக்கமானதையே எப்போதும் வைப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கும் பிழைதிருத்துநர்களால்தான் கடிதம்கூட அரசாணை மாதிரி ஆகிவிடுகிறது.

சில இடங்களில் மிகை என்று தோன்றுவது மிகையே அல்ல. மறுவாக்குப்பதிவிலும் கலவரம் நடந்து, அதே சாவடியில் இன்னொரு முறை வாக்கெடுத்தால் 'மீண்டும் மறுவாக்குப்பதிவு' சரியான செய்தி. அங்கே 'மீண்டும்' எடுபட்டால் ஒரு தேர்தல் நாளே காணாமல் போகும். 'திரும்பத் திரும்பச் சொன்னேன்' என்பதில் இரண்டாவது 'திரும்ப'வைத் தொட்டால் சலிப்பு போய்விடும். கிரையப் பத்திரத்தில் வரும் 'ஆண்டு அனுபவித்து' என்பதும் ஒரே பொருளின் இரட்டிப்பு இல்லை. சொத்தை ஆள்வது வேறு, அதன் பலனை அனுபவிப்பது வேறு. 'அரைஞாண் கயிறு' மட்டும் தனி ரகம். ஞாண் என்றாலே கயிறுதான். ஆனால் அது பலருக்கு மறந்துபோய், இரண்டும் சேர்ந்து ஒரு பொருளின் பெயராகவே நிலைத்துவிட்டது. விட்டுவிடலாம்.

பேட்டியிலோ கதையிலோ ஒருவர் 'நடு சென்டர்ல நின்னுச்சு சார்' என்று சொன்னால், அந்த மேற்கோள் குறிக்குள் இருப்பதைத் திருத்துநர் தொடுவதில்லை.